மூன்றாம் காலாண்டு விற்பனை ஆய்வு: அக்டோபர் – டிசம்பர் 2024

ஸ்லைடு 1: முகப்பு

வெட் கிரைண்டர் பிரிவு, கோயம்புத்தூர்
மண்டல மேலாளர்கள் கூட்டம், 10 ஜனவரி 2025, வெள்ளி, காலை 10 மணி
தயாரிப்பு: விற்பனைத் திட்டப் பிரிவு

*பேசுபவர் குறிப்பு:* பிற்சேர்க்கையை எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வருகிறார்கள். அங்குள்ள எண்களை மறுபடி வாசிக்க வேண்டாம். பாதி நேரம் ஸ்லைடு 7-க்கு வேண்டும்.

---

ஸ்லைடு 2: நிர்வாகச் சுருக்கம்

டார்கெட்டைத் தாண்டி பில் போட்டோம். கடையில் அந்த அளவுக்கு விற்கவில்லை

- பில்லிங் ₹18.54 கோடி. டார்கெட் ₹18 கோடி. போன வருடம் இதே காலாண்டைவிட 10% அதிகம்.
- டீலர்களுக்கு அனுப்பியது 41,200 கிரைண்டர். டீலர்கள் வாடிக்கையாளருக்கு விற்றது 34,600. போன வருடம் 36,100 விற்றார்கள்; இது 4% சரிவு.
- மிச்சம் 6,600 டீலர் குடோனில். அதில் 3,800 விழுப்புரம் மண்டலத்தில் மட்டும்.
- 60 நாள் தாண்டிய பாக்கி ₹80 லட்சத்திலிருந்து ₹1.90 கோடி ஆகிவிட்டது.

இன்று கேட்கும் முடிவுகள்: நான்காம் காலாண்டு டார்கெட்டை 26,000-லிருந்து 20,500 ஆகக் குறைப்பது, இன்சென்டிவை கடை விற்பனைக்கு மாற்றுவது, விழுப்புரம் ஸ்டாக்கில் 1,500-ஐ கோவைக்கு எடுப்பது.

*பேசுபவர் குறிப்பு:* எம்.டி. இந்த ஒரு ஸ்லைடை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போனாலும் முடிவு சொல்ல முடிய வேண்டும். 10% வளர்ச்சியைச் சொல்லி நிறுத்தாமல், அதே மூச்சில் 4% சரிவையும் சொல்லவும்.

---

ஸ்லைடு 3: இடைவெளி விழுந்தது டிசம்பரில்

| மாதம் | பில்லிங் | கடை விற்பனை | இடைவெளி |
|---|---|---|---|
| அக்டோபர் | 19,600 | 18,900 | 700 |
| நவம்பர் | 8,400 | 8,100 | 300 |
| டிசம்பர் | 13,200 | 7,600 | 5,600 |

தீபாவளி 2023-ல் நவம்பர் 12. 2024-ல் அக்டோபர் 31. அதனால் அக்டோபரை அக்டோபரோடும் நவம்பரை நவம்பரோடும் ஒப்பிட்டால் ஒன்றில் பெரிய ஏற்றமும் இன்னொன்றில் பெரிய இறக்கமும் தெரியும். இரண்டும் உண்மையல்ல. இரண்டு மாதத்தையும் கூட்டிப் பார்த்தால்தான் சீசன் கணக்கு வரும். அப்படிப் பார்க்கையில் பில்லிங்கும் விற்பனையும் ஒட்டியே போகின்றன.

டிசம்பரில் தீபாவளி மாதிரி பெரிய சீசன் கிடையாது. ஆனாலும் 13,200 போயிருக்கிறது. அதில் 7,900, கடைசி 11 நாளில், கூடுதல் 3% தள்ளுபடி ஸ்கீமில் போனவை.

*பேசுபவர் குறிப்பு:* “பொங்கலுக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள்” என்ற பதில் வரும். பொங்கலுக்கு இன்னும் நான்கு நாள்தான். இந்த வார ஸ்டாக் ஸ்டேட்மென்டில் அப்படியொரு நகர்வு இல்லை. ஸ்கீம் போட்டது தலைமை அலுவலகம். ஏரியா ஆட்களைக் குறை சொல்லும் தொனி வந்துவிடக் கூடாது.

---

ஸ்லைடு 4: மண்டல வாரியாக, கடை விற்பனை மட்டும்

| மண்டலம் | 2023 | 2024 | மாற்றம் |
|---|---|---|---|
| கோவை | 11,700 | 11,900 | +2% |
| சென்னை | 8,900 | 9,600 | +8% |
| மதுரை | 8,900 | 8,700 | −2% |
| விழுப்புரம் | 6,600 | 4,400 | −33% |

சென்னையின் 8%-ஐ அப்படியே வெற்றியாக எடுத்துக்கொள்ள முடியாது. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் நகரம் தண்ணீரில் நின்றது. ஒப்பிடும் எண்ணே தாழ்ந்த எண்.

மதுரைதான் எனக்குக் கவலை. அதே டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி வெள்ளத்தில் இந்த மண்டலமும் அடி வாங்கியது. அந்த மோசமான வருடத்தைவிடவும் இந்த முறை 200 குறைவு. மழையைக் காரணம் சொல்ல முடியாது. எந்த ஊர்க் கடையில் எந்த மாடல் நிற்கிறது என்று மதுரை மேலாளர் பிப்ரவரி கூட்டத்தில் விளக்குவார்.

---

ஸ்லைடு 5: விழுப்புரம்

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மழையோடு தென்பெண்ணை வெள்ளமும் சேர்ந்தது. வீட்டில் நனைந்ததை ஒவ்வொன்றாக மாற்றும் குடும்பம் முதலில் மெத்தை வாங்கும், அடுப்பு வாங்கும். கிரைண்டர் அந்த வரிசையில் பின்னால்தான் வரும். டிசம்பரில் மண்டலம் முழுக்க விற்றது 600.

அதே டிசம்பரில் அங்கே நாம் போட்ட பில் 3,300.

இப்போது அங்குள்ள 5,400 கிரைண்டர், வழக்கமான வேகத்தில் விற்றால் நான்கு மாதத்துக்கு மேல் வரும். அதில் 420 தண்ணீர் பட்டவை: கல்லுக்கும் டிரம்முக்கும் ஒன்றுமில்லை, மோட்டார்தான் சந்தேகம். சர்வீஸ் குழு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து ஜனவரி 25-க்குள் அறிக்கை தரும். அதுவரை அந்த 420-ல் ஒன்றுகூட விற்பனைக்குப் போகக் கூடாது. ஈரம் ஏறிய மோட்டாரை ஒரு வீட்டுச் சமையலறைக்குள் அனுப்பும் துணிச்சல் நமக்கு வேண்டாம்.

*பேசுபவர் குறிப்பு:* விழுப்புரம் மேலாளரை முதலில் பேசச் சொல்லவும். அவர் டிசம்பர் 9-ஆம் தேதியே பில்லிங்கை நிறுத்தக் கேட்டு மெயில் அனுப்பியிருந்தார். கூட்டத்தில் அது பதிவாக வேண்டும்.

---

ஸ்லைடு 6: வசூல்

மொத்த பாக்கி ₹9.20 கோடி. 60 நாள் தாண்டியது ₹1.90 கோடி, அதில் விழுப்புரம் ₹1.15 கோடி.
விழுப்புரத்தின் டிசம்பர் பில்கள், ஏறத்தாழ ₹1.49 கோடி, ஜனவரி கடைசியிலிருந்து இந்தக் கணக்கில் சேரத் தொடங்கும்.

---

ஸ்லைடு 7: முடிவுகள்

1. டார்கெட் 20,500. மூன்று மாதத்தில் கடைகள் 24,600 விற்கும். மார்ச் 31-ல் டீலர் ஸ்டாக் ஒன்றரை மாதத்துக்கு, அதாவது 12,300-க்கு இறங்க வேண்டும். அதற்கு மேல் அனுப்புவது எதுவும் குடோனுக்குத்தான் போகும். பில்லிங் சுமார் ₹2.5 கோடி குறையும் என்பதை இன்றே ஏற்றுக்கொள்கிறோம். பொறுப்பு: விற்பனைத் தலைவர்.

2. இன்சென்டிவ். பிப்ரவரி 1 முதல் வாரன்டி பதிவான கிரைண்டருக்கு மட்டும். பில்லுக்குக் காசு கொடுக்கும்வரை மாதக் கடைசியில் பில்தான் வரும். பொறுப்பு: மனிதவளம், விற்பனைத் திட்டம்.

3. 1,500 இடமாற்றம். விழுப்புரம் டீலருக்கு கிரெடிட் நோட், கோவை டீலருக்குப் புது பில். ஜிஎஸ்டி கணக்கும் இ-வே பில்லும் கணக்குப் பிரிவு பார்க்கும். லாரி வாடகை கம்பெனியுடையது. பெட்டி பிரிக்காத, நனையாத ஸ்டாக் மட்டும். கெடு: ஜனவரி 31.

---

பிற்சேர்க்கை அ: டீலர் ஸ்டாக்

| மண்டலம் | அக். 1 | வந்தது | விற்றது | டிச. 31 | மாத விற்பனை வேகம் |
|---|---|---|---|---|---|
| கோவை | 3,000 | 12,400 | 11,900 | 3,500 | 2,800 |
| சென்னை | 2,900 | 11,000 | 9,600 | 4,300 | 2,200 |
| மதுரை | 2,300 | 9,600 | 8,700 | 3,200 | 1,900 |
| விழுப்புரம் | 1,600 | 8,200 | 4,400 | 5,400 | 1,300 |
| மொத்தம் | 9,800 | 41,200 | 34,600 | 16,400 | 8,200 |

பிற்சேர்க்கை ஆ: எண்கள் எங்கிருந்து வந்தன

பில்லிங்: கணக்குப் பிரிவின் விற்பனைப் பதிவேடு, திரும்பி வந்தவை கழித்து. சராசரி விலை ₹4,500, ஜிஎஸ்டி சேர்க்காமல்.
கடை விற்பனை: தொடக்க ஸ்டாக், கூட்டல் வந்தது, கழித்தல் மாதக் கடைசி ஸ்டாக். ஸ்டாக் எண்ணிக்கை டீலர் கையெழுத்திட்ட ஸ்டேட்மென்டிலிருந்து.
மாத வேகம்: தீபாவளி சீசன் தவிர்த்த மாதங்களின் சராசரி.
விழுப்புரம் மண்டலம்: விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, புதுச்சேரி.
நனைந்த 420 கிரைண்டர் டிசம்பர் 31 ஸ்டாக்கில் சேர்ந்தே இருக்கிறது.