ஒற்றைப் பாம்படம்

போன வைகாசி மாதம் நான் மதுரையிலிருந்து எட்டயபுரத்துக்குக் கிளம்பினேன். நேர் பேருந்து கிடைக்கவில்லை. அதனால் கோவில்பட்டியில் இறங்கினேன். அங்கிருந்து எட்டயபுரம் பக்கம்தான், சுமார் 15 கிலோமீட்டர். அடுத்த பேருந்து தயாராக நின்றது. ஜன்னல் ஓரத்தில் ஓர் இடமும் காலியாக இருந்தது.

நான் உடனே ஏறியிருக்கலாம். ஆனால் ஏறவில்லை. கோவில்பட்டி வரை வந்துவிட்டு, கடலைமிட்டாய் வாங்காமல் ஒரு வீட்டுக்குப் போக முடியுமா? எதிரே இருந்த கடைக்கு ஓடினேன். "அரை கிலோ கொடுங்கள்" என்றேன். கடைக்காரர் நிதானமாக எடை போட்டார். நிதானமாகப் பொட்டலம் கட்டினார். நான் 500 ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், அப்புறம் சில்லறை தேடினார்.

அப்போது விசில் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பேருந்து நகர்ந்தது.

"ஏய், நிறுத்துங்கள்! நிறுத்துங்கள்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பத்தடிகூட ஓடவில்லை, என் ரப்பர் செருப்பின் வார் பிய்ந்துவிட்டது. ஒரு செருப்பு காலில் இருந்தது, இன்னொன்று பின்னால் கிடந்தது. பேருந்து வளைவில் திரும்பி மறைந்தது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தார். அவருடைய மடியில் ஒரு துணிப்பை இருந்தது. நான் ஓடியதை முழுக்கப் பார்த்திருப்பார் போல. சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினார்.

"இங்கே கொடு, தம்பி."

"பரவாயில்லை பாட்டி, நானே..."

"கொடு என்கிறேன்."

கொடுத்தேன். அவர் தன் வளையலிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றினார். அந்த வளையலில் நாலைந்து ஊக்குகள் தொங்கின. என் அம்மாவின் வளையலிலும் இப்படித்தான் தொங்கும். செருப்பு வாரின் அடியில் உருண்டையாக ஒரு குமிழ் இருக்குமே, அதுதான் ஓட்டை வழியாக வெளியே வந்திருந்தது. பாட்டி அதை மறுபடி ஓட்டைக்குள் தள்ளினார். குமிழுக்கும் செருப்புக்கும் நடுவே ஊக்கைக் குத்தி, அழுத்தி மூடினார். "இப்போது நட" என்றார். நடந்தேன். செருப்பு கழலவில்லை.

"எந்த ஊருக்குப் போகிறாய்?"

"எட்டயபுரத்துக்கு."

"அங்கே யார் வீட்டுக்கு?"

நம் ஊரில் முதல் கேள்விக்குப் பதில் சொன்னால், இரண்டாவது கேள்வி தானாக வந்துவிடும். "பேச்சியம்மாள் வீட்டுக்கு. பாரதியார் பிறந்த வீட்டுக்கு அடுத்த தெரு" என்றேன்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பேச்சியம்மாள் வீட்டில் இல்லையே" என்றார்.

"ஐயோ! எங்கே போயிருக்கிறார்?"

"சிவகாசிக்குப் போகிறாள். மகள் வீட்டுக்கு. திரும்பி வர பத்து நாள் ஆகும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பை என் மடியில்தானே இருக்கிறது?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். அவர் பாட்டி இல்லை, என் பெரியம்மா! அம்மாவின் அக்கா. நான் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு 4 வயது. முகம் எனக்கு ஞாபகமே இல்லை.

"நான் மாரியம்மாளின் மகன்" என்றேன்.

சினிமாவாக இருந்தால் பெரியம்மா உடனே என்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பார். அவர் அப்படிச் செய்யவில்லை. சந்தேகத்தோடு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் அம்மா இன்னும் சாம்பாரில் வெல்லம் போடுகிறாளா?" என்று கேட்டார்.

"போடுகிறார்" என்றேன்.

"அப்படியானால் நீ அவள் மகன்தான். உட்காரு."

உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பையிலிருந்து தங்கையின் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தேன். ஆவணியில் கல்யாணம். பத்திரிகை வைக்க அம்மாதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்குப் பயம். "முதலில் நீ போ. அக்கா உன்னை உள்ளே கூப்பிட்டால், அப்புறம் நான் வருகிறேன்" என்று சொல்லி என்னை அனுப்பியிருந்தார்.

பத்திரிகையோடு இன்னொரு பொருளையும் அனுப்பியிருந்தார். ஒரு பழைய மஞ்சள் துணியில் சுற்றிய பாம்படம். ஒன்றே ஒன்று.

பாம்படம் என்பது எங்கள் பக்கத்துப் பாட்டிகள் காதில் போட்டிருந்த நகை. வெளியே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. ஆச்சி இறந்தபோது அவருடைய பாம்படங்களுக்காக அக்காவும் தங்கையும் சண்டை போட்டார்கள். இரண்டையும் பெரியம்மா கேட்டார், இரண்டையும் அம்மாவும் கேட்டார். கடைசியில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஒற்றைப் பாம்படத்தை யாரால் போட முடியும்? ஆனாலும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. 19 வருடங்கள் பேசவும் இல்லை.

பெரியம்மா மஞ்சள் துணியை மெதுவாகப் பிரித்தார். பாம்படத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தார்.

"அம்மா இதை உங்களிடம் கொடுக்கச் சொன்னார். உங்களிடம் இருப்பதோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார்."

"என்னிடம் எங்கே இருக்கிறது?" என்றார் பெரியம்மா. "அது அந்த வருஷமே போய்விட்டது. உன் பெரியப்பாவுக்கு ஆபரேஷன் செய்தோம். கையில் காசு இல்லை, விற்றுவிட்டேன். உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? அவ்வளவு சண்டை போட்டு வாங்கிய பொருள் இல்லையா!"

பாம்படத்தை மறுபடி துணியில் சுற்றினார். என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் பையிலும் போடவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அம்மாதான்.

"எட்டயபுரம் போய்விட்டாயா? அக்காவைப் பார்த்தாயா? என்ன சொன்னாள்? கோபப்பட்டாளா?"

நான் பதில் சொல்லவில்லை. போனைப் பெரியம்மாவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கிக் காதில் வைத்தார். பேச்சு வரவில்லை. மறுமுனையில் அம்மா, "ஹலோ... ஹலோ... தம்பி, கேட்கிறதா?" என்று கத்தியது எனக்கே கேட்டது.

பெரியம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஏட்டி மாரி," என்றார், "கல்யாணம் வைத்திருக்கிறாயே, பிள்ளைக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கிக் கொடுக்க மாட்டாயா?"

அம்மாவின் சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

ஒரு பேருந்து வந்து எங்கள் முன்னால் நின்றது. "சிவகாசி, சிவகாசி, சிவகாசி!" என்று கண்டக்டர் கூவினார். நான் பெரியம்மாவின் தோளைத் தொட்டுப் பேருந்தைக் காட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.