நூலகக் கூரை நிதி: இணைய வசூல் வரவு செலவுக் கணக்கு

குழு உறுப்பினர்களுக்கு,

வசூல் முடிந்தது. தளத்தின் பக்கத்தில் தெரியும் தொகை 6,09,200. அதில் 9,200 நன்கொடையாளர்கள் தளத்துக்குத் தாங்களாகவே சேர்த்துக் கொடுத்த டிப்ஸ். நம் வரவில் அதற்கு இடமில்லை. நம் பெயரில் வந்தது 6,00,000 ரூபாய், 412 ரசீதுகள்.

```
மொத்த நன்கொடை              6,00,000
தளக் கட்டணம் 3%             - 18,000
கேட்வே கட்டணம் 2%           - 12,000
கட்டணங்கள் மேல் வரி 18%      - 5,400
திருப்பிக் கொடுத்தது         - 15,000
தளம் திருப்பிய கட்டணம்         + 531
சார்ஜ்பேக் (நிறுத்திவைப்பு)   - 5,000
சார்ஜ்பேக் கட்டணம், வரியோடு     - 590
நிகரம்                      5,44,541
வங்கிக்கு வந்தது            5,27,603
வரவேண்டிய செட்டில்மென்ட்      16,938
```

வங்கியில் விழுந்த தொகையை அப்படியே நன்கொடை வரவாக எழுதக் கூடாது. ரசீது முழுத் தொகைக்குப் போயிருக்கிறது. வரவும் முழுத் தொகையாக இருந்தால்தான் இரண்டும் பொருந்தும். பிடித்தமானவை தனித்தனித் தலைப்பில் செலவாக நிற்கட்டும்.

அதிகம் குழம்புவது ரீஃபண்டில்தான். பணத்தை வாங்கி நமக்கு அனுப்பும் கேட்வே அதைத் தனிப் பற்றாகக் காட்டாமல், நம் வங்கிக்கு அனுப்பும் அடுத்த செட்டில்மென்டில் கழித்துவிடுகிறது. ஒரு நாள் வசூல் 20,000. கட்டணமும் வரியும் 1,180 போக 18,820 வர வேண்டும், வங்கியில் இருந்ததோ 10,820. இருமுறை பணம் போன நால்வருக்குத் திருப்பிய 8,000 அதில் கழிந்திருந்தது. பணம் போனபின் பக்கம் அசையாமல் நின்றால் பலர் மறுபடி பொத்தானை அழுத்துவார்கள். இந்த நான்கும் அப்படி வந்தவை. மீதி 7,000, மனம் மாறிக் கேட்ட இருவருக்கு. ஆறு ரசீதுகளையும் ரத்து செய்து, எண்களைப் பேரேட்டில் குறித்தாயிற்று.

கொடுத்தவருக்கு முழுத் தொகையும் திரும்பியது. தளம் தன் 3 சதவீதத்தை வரியோடு (450 + 81) மாத பில்லில் சரிக்கட்டியது. கேட்வே தன் 2 சதவீதத்தைத் தரவில்லை. வரியோடு அந்த 354 ரூபாய் நிதியின் நஷ்டம். சின்னத் தொகைதான், ஆனாலும் தனியாகத் தெரிய வேண்டும்.

சார்ஜ்பேக் வேறு விஷயம்: கார்டுக்காரர் தம் வங்கியில் புகார் செய்திருக்கிறார். ஒப்புகை மின்னஞ்சலும் ரசீதும் கேட்வேக்கு அனுப்பியிருக்கிறோம். தீர்ப்பு நமக்குச் சாதகமானால் 5,000 திரும்பும். 590 எப்படியும் போனதுதான். அதுவரை இவருக்குத் தனியாக ரீஃபண்ட் கொடுக்க வேண்டாம், இரண்டு தடவை போய்விடும்.

கூரை வேலை மதிப்பீடு 5,40,000. கட்டணமும் வரியும் சேர்ந்து 5.9%. அது போக மதிப்பீடு கிடைக்க வசூலாக வேண்டியது:

```
540000 / (1 - 0.059) = 573858
```

மதிப்பீட்டோடு 5.9 சதவீதத்தைக் கூட்டினால் 5,71,860 தான் வரும். கட்டணம் பிடிப்பது மொத்த வசூலில் என்பதால் அது போதாது. ரீஃபண்டுக்கும் இடம் விட்டு 6,00,000 என்று வைத்தோம். நிகரத்தில் மதிப்பீடு போக மிஞ்சுவது 4,541.

கடைசி செட்டில்மென்ட் வங்கிக்கு வந்தபிறகே ஒப்பந்ததாரரின் இறுதித் தவணைக்குக் காசோலை எழுதப்படும்.

பொருளாளர்