கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2ஆம் பேக்கேஜ்: டெண்டர் நமக்கு. வாழ்த்துகள், அடுத்து ஆற்று வேலை

அன்புள்ள டெண்டர் பிரிவு, டிசைன் பிரிவு நண்பர்களுக்கு,

வாரியத்தின் ஏற்புக் கடிதம் நேற்று மாலை கைக்கு வந்தது. 214 கோடி ரூபாய் வேலை, 118 குடியிருப்புகள், கொள்ளிடத்தில் இரண்டு நீர் சேகரிப்புக் கிணறுகள், 24 மாதக் கெடு. எல்லாம் நமக்குத்தான். இதுவரை நாம் எடுத்த வேலைகளில் ஆகப் பெரியதுகூட இதில் பாதிக்கு வராது. அசத்திவிட்டீர்கள். மனசார வாழ்த்துகள்.

யார் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கவிதா குழாய் போகும் வழி முழுக்க நேரில் போய்ப் பார்த்தார். அட்டவணையில் சாதா மண் என்று போட்டிருந்த இடங்களில் ஆள் வைத்துச் சோதனைக் குழி தோண்டச் சொன்னார். நாலடிக்குக் கீழே பாறை. அதைப் படத்தோடு முன்-ஏலக் கூட்டத்தில் கேள்வியாக வைத்தோம், திருத்த அறிவிப்பில் பாறை அளவு கூடியது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் டெண்டரை ஜெயித்தும் நஷ்டப்பட்டிருப்போம். திருத்தம் போட்டியாளர் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் பாறையை உடைக்க உண்மையில் என்ன செலவாகும் என்பதை அங்கே நின்று பார்த்த ஆள் நம் பக்கம் இருந்தார்.

முருகேசன் சார் விலைக் கவரைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாவதாக வந்தவருக்கும் நமக்கும் வித்தியாசம் 1.4 சதவீதம். இவ்வளவு பெரிய வேலையில் இதைவிட நெருக்கமாகக் கணக்குப் போட முடியாது. கடைசி நாள் மதியம் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை லேப்டாப் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, பதறாமல் வேறு லேப்டாப்பில் டிரைவரைப் போட்டு, கெடு முடியும் முன் பதிவேற்றிய பாலாவுக்கும் ஒரு சபாஷ். (அடுத்த டெண்டரிலிருந்து முந்தின நாளே பதிவேற்றிவிடுவோம். என் இதயத்துக்கு நல்லது.)

சரி, இப்போது கொஞ்சம் வேலைப் பேச்சு. சந்தோஷத்தைக் குறைப்பதற்காக இல்லை.

நாம் ஜெயித்த விலைக்குள் சில நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. அவை உங்கள் எக்செல் தாளில் இருக்கின்றன. சைட்டுக்குப் போகப்போகிறவர்களுக்கு இன்னும் தெரியாது. முதலாவதும் பெரியதும் ஆற்று வேலை. இரண்டு கிணறுகளையும் ஒரே கோடையில் இறக்கி முடிப்போம் என்று வைத்துத்தான் விலை போட்டிருக்கிறோம். வடகிழக்கு மழை ஓய்ந்து, பொங்கல் கழிந்து ஆட்கள் திரும்பினால் ஜனவரி கடைசி. மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் பெரும்பாலும் பாசன ஆறுகளுக்குத்தான் போகும், கொள்ளிடத்துக்கு வருவது உபரிதான். ஆனால் மேல்பக்கம் மழை கொட்டினால் உபரி எவ்வளவு வரும் என்பதை 2018 ஆகஸ்டில் எல்லோரும் பார்த்தோம். முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் வரிசையாக அடித்துக்கொண்டு போயின. ஆகவே நமக்குக் கையில் இருப்பது நாலு மாதம், கொஞ்சம் கூட. அதற்குள் முடியாவிட்டால் தள்ளிப்போவது ஒரு மாதமல்ல, ஒரு வருஷம்.

அதற்காக அவசரப்பட்டும் இறக்க முடியாது. ஒரு பக்கம் மணலை அதிகம் வாரினால் கிணறு சாய்ந்துவிடும். சாய்ந்ததை நிமிர்த்த ஆகும் நாளில் இன்னும் சில மீட்டர் நேராக இறக்கியிருக்கலாம். எனவே வேகம் வேண்டியது கிணறு இறக்குவதில் அல்ல, அதற்கு முந்தைய காகித வேலையில். வைப்புத்தொகை, வங்கி உத்தரவாதம், ஒப்பந்தக் கையெழுத்து, சைட் ஒப்படைப்பு, ஆற்றுக்குள் வேலை செய்ய நீர்வளத் துறை அனுமதி, சாலையைக் குறுக்கே கடக்க நெடுஞ்சாலைத் துறை அனுமதி. இதில் ஒவ்வொன்றையும் டிசம்பருக்குள் நகர்த்தினால்தான் ஜனவரியில் கிரேன் ஆற்றில் இறங்கும். விண்ணப்பத்தில் என்ன வரைபடம் வைக்க வேண்டும் என்பது டிசைன் பிரிவுக்குத்தான் அத்துப்படி. ஆகவே டெண்டர் முடிந்தது என்று யாரும் மூட்டை கட்ட வேண்டாம்.

அடுத்தது குழாய். டிஐ குழாய்க்கு ஆலை கொடுத்த விலை 90 நாளைக்குத்தான் செல்லும். அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே ஓடிவிட்டது. ஒப்பந்தத்தில் விலை உயர்வுப் பிரிவு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, அது முழு ஏற்றத்தையும் ஈடுகட்டாது. முதல் தவணை ஆர்டரை இந்த வாரமே போட்டுவிடலாம். ஆலையிலேயே மூன்றாம் தரப்பு ஆய்வு முடிந்த பிறகுதான் லாரி கிளம்ப வேண்டும். சைட்டுக்கு வந்த குழாயைத் திருப்பி அனுப்புவது யாருக்கும் ஆகாது.

தெருக்களில் குழாய் பதிப்பதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, சைட் ஆட்களுக்குத் தெரியும். ஒன்றே ஒன்று: காலையில் தோண்டிய தெருவை அன்று மாலைக்குள் மூடுகிற அளவுக்கு மட்டும் தோண்டுவோம். இணைப்புகளை மட்டும் அழுத்தச் சோதனை முடியும்வரை திறந்து வைத்து, சுற்றிலும் தடுப்பு வைக்கலாம். ஒரு பாட்டி வழுக்கி விழுந்தால் போதும், ஊரே நம் ஜேசிபிக்கு முன்னால் உட்கார்ந்துவிடும். அதில் தப்பும் இல்லை.

அப்புறம் பணம். எம்-புக்கில் ஏறாத வேலைக்குப் பில் இல்லை, பில் இல்லாவிட்டால் சம்பளத்துக்கும் குழாய்க்கும் வங்கி வாசலில் நிற்க வேண்டியதுதான். 1.4 சதவீத வித்தியாசத்தில் எடுத்த வேலையில் வட்டிக்கு இடமில்லை. அளவெடுக்கும் நாளில் உதவிப் பொறியாளரோடு நம் ஆளும் நிற்கட்டும், மண் மூடும் முன் படமும் எடுக்கட்டும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். விலை போட்டவர்களே முதல் ஆறு மாதம் சைட் அணியோடு சேர்ந்து இருங்கள். முருகேசன் சார் வாரம் ஒரு நாள் ஆற்றங்கரையில். கவிதா பாறைப் பகுதியின் முதல் 10 கிலோமீட்டர் முடியும்வரை அங்கேயே. தங்க வீடு பார்த்தாயிற்று, வண்டியும் உண்டு. வேறு சிரமம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

வாசலில் பெரிய பேனர் வைக்கலாமா என்று அக்கவுண்ட்ஸிலிருந்து கேட்டார்கள். முதல் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறட்டும், அன்றைக்கு வைத்துக்கொள்வோம்.

ஆனால் சாப்பாட்டைத் தள்ளிப்போட மாட்டேன். சனிக்கிழமை மதியம் அலுவலகத்திலேயே பிரியாணி, சைவக்காரர்களுக்குத் தனிப் பந்தி. வீட்டில் உள்ளவர்களையும் அழைத்து வாருங்கள், கடைசி இரண்டு வாரம் உங்களைப் பார்க்காமல் பொறுத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். திங்கள் காலை 10 மணிக்குச் சைட் அணியோடு கூட்டம். அந்த எக்செல் தாளை மறைக்காமல், ஒவ்வொரு வரியும் எதை நம்பிப் போட்டது என்ற குறிப்போடு கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
ராமநாதன்
நிர்வாக இயக்குநர், திருச்சி