திவ்யாவுக்கு, முதல் சம்பள நாளில்

திவ்யா,

காலையிலேயே உன் அம்மா போன் செய்தாள். "சம்பளம் வந்துடுச்சுண்ணா" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகையும் சிரிப்புமாக ஆகிவிட்டது. எவ்வளவு என்று சொல்ல வந்தவளை நான்தான் நிறுத்தினேன். அது உன் கணக்கு. எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம், மெசேஜ் வந்தபோது நீ எங்கே இருந்தாய், அதை எத்தனை தரம் திறந்து பார்த்தாய் என்பதுதான்.

நான் மூன்று தரம் எண்ணினேன். 1997, மின்ட் பக்கம் ஓர் அச்சகம். பழுப்புக் கவரில் 900 ரூபாய். பைண்டிங் மேசை ஓரத்தில் இரண்டு தரம், கக்கூஸில் நின்று ஒரு தரம். வீட்டுக்கு வந்தால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்று இப்போது சத்தியமாக நினைவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போய், பேரம் பேசாமல் ஒரு முழு வஞ்சிரம் வாங்கி வந்தேன் பார், அது நினைவிருக்கிறது. உன் ஆயா திட்டிக்கொண்டேதான் வறுத்தது. அப்புறம் எல்லோரையும்விட இரண்டு துண்டு கூடவே சாப்பிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிண்டியில் வேலை என்றபோது, "தினமும் அவ்வளவு தூரமா?" என்று முதலில் இழுத்தவன் நான்தான். தப்பு. போன மாதம் ஒருநாள் காலை ஏழு மணிக்குத் தண்டையார்பேட்டை மெட்ரோ வாசலில் உன்னைப் பார்த்தேன். தோளில் டிபன் பை, கையில் மடித்த நோட்டு, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. டிரெய்னிங் பரீட்சைக்கு எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தாய் போல. கூப்பிட்டால் விட்ட இடம் மறந்துவிடுமே என்று பைக்கை ஓரம் கட்டிவிட்டுச் சும்மா நின்றேன். நீ படியிறங்கிப் போன பிறகுதான் கிளம்பினேன். அன்றைக்குக் கடையை அரை மணி நேரம் லேட்டாகத் திறந்தேன், பரவாயில்லை.

எனக்கு எம்.சி. ரோட்டில் சட்டை எடுக்கப் போகிறாயாமே. "எதுக்கும்மா மாமாவுக்கு" என்றெல்லாம் சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. சைஸ் 42. கட்டம் போட்டது வேண்டாம், வயிறு தெரிகிறது. கலர் உன் இஷ்டம். ஆனால் உன் அத்தையைக் கூட்டிக்கொண்டு போகாதே, மறுபடியும் சந்தன கலர்தான் வரும்.

ஞாயிறு சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா கடைக்குப் போகலாமா? அத்தோ, முட்டை பேஜோ எல்லாம் உன் செலவு. பிங்க் பஸ்ஸில் போனால் உனக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு மட்டும்தான். அதையும் நீயே எடுத்துவிடு.

மாமா