பாதி நிரப்பிய குறுக்கெழுத்து: படத்தில் உள்ளபடி

சித்தப்பா, நீங்கள் அனுப்பிய படத்தைத் திரை வாசிப்பானால் படிக்க முடியாது என்பதால் எழுத்தாகவே தருகிறேன். குறுக்கே 6 கட்டம், கீழ்நோக்கி 7 வரிசை. # என்றால் கறுப்புக் கட்டம், _ என்றால் காலி. எழுத்துக்கோ கோட்டுக்கோ முன்னால் ஒட்டி நிற்பது குறிப்பு எண். மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு.

```
வரிசை 1: 1ம ணி 2மே க லை #
வரிசை 2: _ # _ # # 3_
வரிசை 3: 4_ _ _ 5பு # _
வரிசை 4: _ # # தி # _
வரிசை 5: _ # 6_ ர் 7_ ?
வரிசை 6: # # _ # _ #
வரிசை 7: 8_ _ _ _ _ #
```

வரிசை 5-இன் கேள்விக்குறி நான் போட்டது. அது அச்சிலேயே கொடுத்திருக்கும் எழுத்து, ஆனால் தாளின் மடிப்பு சரியாக அதன் மேல் விழுந்திருக்கிறது. மேலே புள்ளி மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ல், ள் இரண்டில் ஒன்று. 3, 6 இரண்டும் அங்கேதான் முடிகின்றன. மற்ற எழுத்துகள் பேனாவில் எழுதியவை.

இடமிருந்து வலம்

1. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள் (5) – நிரப்பியாயிற்று
4. நுனியைவிட அடியில் இனிக்கும் கழி (4)
6. வாக்குப்பெட்டிக்கு வேலை வரும் நேரம் (4)
8. முடிவுக்கு எதிர், ஆனால் நிற்பதோ கடைசி வரிசையில் (5)

மேலிருந்து கீழ்

1. நவமணிகளில் பச்சை (5)
2. காளிதாசன் காவியத்தில் யட்சன் தூது அனுப்பியது (3)
3. வெயிலும் தூறலும் சேர்ந்தால் சூரியனுக்கு எதிர்ப்புறம் வளையும் (4)
5. விடை தெரியும்வரைதான் இதற்கு இந்தப் பெயர் (3) – நிரப்பியாயிற்று
6. கொடியும் எல்லையும் உடையது (3)
7. நடந்தவர் போன பிறகும் மணலில் இருக்கும் (3)

1, 6 இரண்டுக்கும் இரு பக்கமும் குறிப்பு உண்டு, அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம், வரிசை 7-இல் யாரோ பென்சிலில் "தொடக்கம்" என்று எழுதி அழித்திருக்கிறார்கள். பொருள் பொருந்துகிறது, எழுத்தும் ஐந்துதான். ஆனால் மூன்றாம் கட்டத்தில் க் வந்தால் 6 மேலிருந்து கீழ் "க்" என்று முடியும், தமிழில் அப்படி எந்தச் சொல்லும் முடியாதே. அதனால்தான் அழித்திருப்பார்கள் போல. நானும் அந்த வரிசையைக் காலியாகவே விட்டிருக்கிறேன். விடைப் பகுதி படத்தில் இல்லை, இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.