e^x சீரிஸ்ல ரிமைண்டர் ஜீரோவுக்குப் போகுதுன்னு எப்படிக் காட்டுறது

தம்பி, நீ அனுப்பின போட்டோவைப் பாத்தேன். ரேஷியோ டெஸ்ட் போட்டு |x|/(n+1) ஜீரோவுக்குப் போகுது, அதனால சீரிஸ் எல்லா x-க்கும் கன்வெர்ஜ் ஆகுதுன்னு எழுதியிருக்க, அதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா கேள்வி அது இல்லயே. "e^x-க்கு கன்வெர்ஜ் ஆகுதுன்னு நிரூபி"ன்னுதான் கேட்டிருக்காங்க. ரேஷியோ டெஸ்ட் சொல்றது சீரிஸ் ஏதோ ஒரு நம்பருக்குப் போய்ச் சேருதுன்னு மட்டும்தான், அந்த நம்பர் e^x தானான்னு அது சொல்லாது. மார்க் போனது அங்கதான்.

"வேற எங்க போகப்போகுது"ன்னு தோணும். போகும். f(x) = e^(-1/x²), f(0) = 0 ன்னு ஒரு ஃபங்க்ஷன் எடு, கோஷி காலத்துலேருந்து எல்லாரும் காட்டுற உதாரணம் இது. இதுக்கு 0-ல எத்தனை தடவை டெரிவேட்டிவ் எடுத்தாலும் ஜீரோதான் வரும், அதனால டெய்லர் சீரிஸ் 0 + 0 + 0 + ... ன்னு போகும், அழகா கன்வெர்ஜும் ஆகும், ஆனா x = 0 தவிர எங்கயும் f(x)-ஓட ஒத்துப்போகாது. ரிமைண்டர்தான் முழு ஃபங்க்ஷனும், எத்தனை டெர்ம் சேத்தாலும் அது குறையாது. ஸோ e^x-க்கு இப்படி ஆகலன்னு நாமதான் காட்டணும்.

இப்போ ப்ரூஃப். x-ஐ ஃபிக்ஸ் பண்ணிக்கோ, இது முக்கியம், x நகராது, n மட்டும்தான் ஓடும். x = 0-ன்னா காட்ட ஒண்ணுமில்ல, x ≠ 0-ன்னு வச்சுப்போம். e^x-ஓட எல்லா டெரிவேட்டிவும் e^x தான், 0-ல எல்லாம் 1. டெய்லர் தியரத்துல லெக்ராஞ்ச் ரிமைண்டர் போட்டா

```
e^x = 1 + x + x²/2! + ... + x^n/n! + R_n(x)

R_n(x) = e^c · x^(n+1)/(n+1)!     (c, 0-க்கும் x-க்கும் நடுவுல)
```

நிறைய பேர் இந்த இடத்துல "e^c ஒரு கான்ஸ்டன்ட், அதனால விட்டுடலாம்"னு எழுதிட்டுத் தாண்டிப் போயிடுறாங்க. கான்ஸ்டன்ட் கிடையாது. n மாறும்போதெல்லாம் c-யும் மாறும், n = 5-க்கு ஒரு c, n = 6-க்கு வேற c, சரியாச் சொன்னா c_n-னுதான் எழுதணும். அது எங்க இருக்குன்னு நமக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் தேவையில்ல, ஆனா 0-க்கும் x-க்கும் நடுவுலயே மாட்டிக்கிட்டு இருக்குன்னு தெரியும், அது போதும். e^x ஏறிக்கிட்டே போற ஃபங்க்ஷன், அதனால x > 0-ன்னா e^c < e^x, x < 0-ன்னா c-யும் நெகட்டிவ், e^c < 1. ரெண்டையும் ஒரே வரியில அடக்கணும்னா e^c ≤ e^|x|. வலது பக்கத்துல n இல்ல பாரு, இதுதான் உண்மையான கான்ஸ்டன்ட். ஆக

```
|R_n(x)| ≤ e^|x| · |x|^(n+1)/(n+1)!
```

மிச்சம் ஒண்ணுதான், |x|^n/n! ஜீரோவுக்குப் போகுதுன்னு காட்டணும். "ஃபேக்டோரியல் வேகமா வளரும்"னு ஒரு வரி எழுதிட்டுப் போனா திருத்துறவர் இரக்கப்பட்டா மார்க், இல்லன்னா இல்ல. முறையாவே எழுதிடு, மூணு வரிதான்.

N ≥ 2|x| ஆ இருக்குற மாதிரி ஒரு முழு எண் N எடு. n > N-ன்னா

```
|x|^n/n! = (|x|^N/N!) · |x|/(N+1) · |x|/(N+2) · ... · |x|/n
         ≤ (|x|^N/N!) · (1/2)^(n-N)
```

ஏன்னா N-க்கு அப்புறம் வர ஒவ்வொரு பின்னத்துலயும் கீழ இருக்குறது 2|x|-ஐ விடப் பெருசு, அதனால ஒவ்வொண்ணும் 1/2-க்குக் கீழ. முன்னாடி நிக்கிற |x|^N/N! எவ்வளவு பெருசா இருந்தாலும் அது n-ஐத் தொடாத ஒரு நம்பர், (1/2)^(n-N) அதை அடிச்சு நொறுக்கிடும். அவ்ளோதான், R_n(x) → 0, சீரிஸ் e^x-க்கே போய்ச் சேருது.

நம்பர் போட்டுப் பாத்தா இன்னும் நல்லா ஒட்டும். x = 10 எடு. டெர்ம்கள் 1, 10, 50, 166.67, 416.67ன்னு ஏறுது, ஏறிக்கிட்டே போய் n = 9, n = 10 ரெண்டுலயும் 2755.73 வருது (10/10 = 1 தானே, அதான் ரெண்டும் ஒண்ணு), அதுக்கப்புறம்தான் இறக்கம். முதல் பத்து டெர்மை மட்டும் பாக்குறவன் இது எங்க கன்வெர்ஜ் ஆகப்போகுதுன்னுதான் நினைப்பான். n = 20-ல 41.1, n = 30-ல 0.0038, n = 40-ல 0.00000001 பக்கம். நம்ம பவுண்டோ e^10-ஆல, அதாவது கிட்டத்தட்ட 22026-ஆல பெருக்கச் சொல்லுது, அதனால n+1 = 30-ல கூட அது 83-ன்னுதான் காட்டும், n+1 = 40-லதான் 0.00027-க்கு வரும். நிஜமான எரர் இதைவிட ரொம்பக் கம்மி. பவுண்டு சோம்பேறித்தனமா இருக்குதான், இருந்துட்டுப் போகட்டும், லிமிட்டுக்கு அதுவே போதும்.

x = -10-ன்னா இன்னும் வேடிக்கை. அதே 2755 சைஸ் டெர்ம்கள் ப்ளஸ் மைனஸ்னு மாறி மாறி வந்து, கடைசியில 0.0000454-ல போய் நிக்குது. தியரிப்படி e^c < 1-ங்கிறதால பவுண்டு முன்னதைவிட நல்லாவே இருக்கும், ஆனா கால்குலேட்டர்ல எட்டு இலக்கத்தோட இப்படிக் கூட்டினா ரவுண்டிங் எரரே விடையை முழுங்கிடும். e^10-ஐக் கண்டுபிடிச்சுட்டு 1-ஐ அதால வகுத்துடு, நிம்மதி.

இன்னொண்ணு, N-ஐ x-ஐப் பாத்துத்தான் எடுத்தோம். [-M, M]-க்குள்ள நின்னா எல்லா x-க்கும் ஒரே N போதும், N ≥ 2M, அங்க யூனிஃபார்ம் கன்வெர்ஜென்ஸ் கிடைக்கும். முழு ரியல் லைனுக்கும் கிடைக்காது, ஏன்னா n-ஐ நிறுத்திட்டு x-ஐ மைனஸ் இன்ஃபினிட்டிக்கு ஓட்டினா e^x ஜீரோவுக்குப் போகும், பாலினாமியல் எங்கயோ பறந்துடும். வைவாவுல கேப்பாங்க.

இதே R_n வச்சு e இர்ரேஷனல்னும் அடிச்சுடலாம், பத்து மார்க் கேள்வியா வரக்கூடியது. x = 1 போட்டா 0 < R_n < 3/(n+1)!, e < 3-ங்கிறதால. e = p/q-ன்னு வச்சுக்கோ, p, q முழு எண்கள். n-ஐ q-க்கும் 3-க்கும் குறையாம எடுத்து n!-ஆல பெருக்கு. n!·e முழு எண், n!·(1 + 1 + 1/2! + ... + 1/n!) முழு எண், அப்போ வித்தியாசம் n!·R_n-உம் முழு எண்ணா இருக்கணும். ஆனா அது 0-க்கு மேல, 3/(n+1)-க்குக் கீழ, அதாவது 3/4-ஐத் தாண்டாது. 0-க்கும் 3/4-க்கும் நடுவுல முழு எண்ணுக்கு எங்க போறது.