தச்சுவேலை பழக இடம் கேட்டு ஓடாவியாருக்கு எழுதும் மடல்

மதிப்பிற்குரிய ஓடாவியார் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் மண்டூரைச் சேர்ந்த டிலக்சன். வயது பத்தொன்பது. களுவாஞ்சிகுடியில் உள்ள உங்கள் பட்டறையில் சேர்ந்து தச்சுவேலை பழக விரும்புகிறேன், அதற்கு உங்கள் சம்மதத்தைக் கேட்டே இந்த மடலை எழுதுகிறேன். வேலை நேரத்தில் தொலைபேசி எடுத்துத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று மாமா சொன்னபடியால், இதை உங்கள் மகனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, நீங்கள் ஆறுதலாக இருக்கும்போது வாசித்துக் காட்டும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன்.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் எங்கள் அம்மம்மாவின் வீடு உங்களுக்கு நினைவிருக்கலாம். 1978 ஆம் ஆண்டுச் சூறாவளியில் கூரை முழுவதும் போன பிறகு, அந்த வீட்டுக்குப் புதிதாக நிலையும் கதவும் செய்து கொடுத்தவர் உங்கள் தகப்பனார் என்று அம்மம்மா இன்றைக்கும் சொல்வார். போன வருடம் விறாந்தையைப் பெரிதாக்குவதற்காக அந்த முதிரை நிலையைக் கழற்ற வேண்டி வந்தது. மேசன்மார் சுத்தியலால் அடித்துப் பிரிக்கப் பார்த்தார்கள், அது அசையவில்லை. கடைசியில் மூலையில் இருந்த மரமுளையை ஒவ்வொன்றாகத் தட்டி வெளியே எடுத்த பிறகுதான் கழுந்து துளையை விட்டு வந்தது. அப்போது கிட்ட இருந்து பார்த்தேன். நிலைக்காலில் முளைக்காகப் போட்ட துளையும் கழுந்தில் போட்ட துளையும் நேருக்கு நேராக இல்லை, கழுந்தின் துளை ஏறக்குறைய ஒரு நூல் அளவு தோள்ப்பக்கமாகத் தள்ளி இருந்தது. பிழையாகப் போட்டிருக்கிறார்கள் என்றார் மேசன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முளை இறங்க இறங்கக் கழுந்தை உள்ளே இழுத்து மூட்டை இறுக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வேண்டுமென்று போட்டிருக்கிறார்கள் என்பது, அந்த முளைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சிறிது வளைந்திருந்ததைப் பார்த்தபோது விளங்கியது. அதில் ஆணியும் இல்லை, பசையும் இல்லை.

அதே வீட்டுக்கு நாங்கள் கடையில் வாங்கிப் போட்ட புதிய கதவு மாரி மழைக்கு ஊதிச் சாத்த முடியாமல் போய், பிறகு கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் நடுப்பலகை மேலிருந்து கீழ்வரை வெடித்துவிட்டது. மரம் காயவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பலகையைக் காடிக்குள் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், மரம் ஊதவும் சுருங்கவும் இடம் விடவில்லை. உங்கள் தகப்பனார் செய்த கதவில் பலகை காடிக்குள் பசையில்லாமல் நிற்கிறது, விரலால் அழுத்தினால் மெல்ல அசையும். இப்படிப்பட்ட வேலை தெரிந்தவர்களிடம்தான் பழக வேண்டும் என்று நான் முடிவெடுத்ததற்கு இந்த இரண்டு கதவுகளுமே காரணம்.

என்னுடைய படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பப் பிரிவில் படித்தேன், பல்கலைக்கழகத்துக்குப் போதுமான புள்ளி கிடைக்கவில்லை. வரைபடம் பார்க்கவும், அளவெடுத்துக் கீறவும், ஒரு நிலைக்கு எவ்வளவு மரம் வேண்டும் என்று கணக்குப் பார்க்கவும் எனக்குத் தெரியும். உளியைக் கல்லில் தீட்டப் பழகியிருக்கிறேன். கைவாளால் கோட்டோடு அறுப்பேன். சீவுளி இன்னும் கைக்கு வரவில்லை, பலகையின் தொடக்கத்திலும் முடிவிலும் கூடுதலாகச் சீவிவிடுகிறேன். கழுந்து வெட்டுவதையும் நேராகத் துளை எடுப்பதையும் யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை. மரக்காலையில் பலகையைப் பார்த்து இது தேக்கு, இது முதிரை, இது பாலை என்று பிரித்துச் சொல்ல முடியும், ஆனால் எது காய்ந்தது, எது திருகும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. இவையெல்லாம் உங்களிடம்தான் பழக வேண்டும்.

நீங்கள் சில காலமாகப் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். பழக வந்த பொடியன்கள் மெசினில் அறுக்கவும் ரூட்டர் பிடிக்கவும் தெரிந்தவுடனே கட்டாருக்குப் போய்விட்டார்கள் என்றும், அதனால் உங்கள் மனம் வெறுத்துவிட்டது என்றும் சொன்னார்கள். அந்த வருத்தம் நியாயமானது. எனக்கும் கட்டாரில் இருக்கும் பெரியப்பா மகன் வேலை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதை மறைக்க நான் விரும்பவில்லை. நான் போகவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன், வீட்டிலும் அதற்குச் சம்மதம் வாங்கிவிட்டேன். நீங்கள் சேர்த்துக்கொண்டால் மூன்று வருடத்துக்கு முன்னர் வேறெங்கும் போகமாட்டேன் என்று மாமாவின் முன்னிலையில் எழுதித் தரவும் தயாராக இருக்கிறேன்.

முதல் ஆறு மாதத்துக்குச் சம்பளம் எதுவும் வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டை நானே கொண்டு வருவேன். அதன் பிறகு என் வேலையைப் பார்த்து நீங்கள் நியாயம் என்று நினைப்பதைத் தந்தால் போதும். பட்டறையைக் கூட்டுவது, சீவல் அள்ளுவது, மரம் இறக்குவது, வாளுக்கு அரம் போடுவது என எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன். ஆறு மாதம் வரைக்கும் நல்ல மரத்தில் கை வைக்க விடாமல் ஒதுக்கிய துண்டுகளில் மட்டும் துளை எடுக்கச் சொன்னாலும் மனம் கோணமாட்டேன். காலையில் வாவியைக் கடக்கும் மண்டூர்–குருமண்வெளிப் பாதையில் ஏறினால் நேரத்துக்கு வந்துவிடலாம். வேலை முடிய இருட்டிவிட்டால் குருமண்வெளியில் பெரியம்மா வீட்டில் தங்கிக்கொள்வேன், அதனால் பாதையைக் காரணம் காட்டி நேரத்துக்கு முன்னர் கிளம்பமாட்டேன்.

ஒரேயொரு விடுமுறையை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைக்கிறேன். பெரும்போக வேளாண்மை வெட்டும் காலத்தில் அப்பாவுக்கு உதவியாகச் சில நாட்கள் வயலில் நிற்க வேண்டி வரும். இப்போது மெசின் வந்து வெட்டுவதால் முன்னர் போல நாட்கணக்காக நிற்கத் தேவையில்லை, ஆனாலும் நெல்லைக் காயப்போட்டு மூட்டை கட்டும்வரை அவர் தனியாகச் சமாளிக்க மாட்டார்.

சான்றிதழைப் பற்றியும் உங்களிடம் கேட்க வேண்டும். நைட்டா நிறுவனத்தில் பயிலுநராகப் பதிந்து, பட்டறையிலேயே வேலை பழகி, பிறகு தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கான பரீட்சிப்புக்குத் தோற்ற வழி இருக்கிறது. அதற்கு நீங்கள் சில படிவங்களில் கையொப்பம் இட வேண்டி வரும். அலுவலகங்களுக்கு அலைவது முழுவதையும் நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் உங்களுக்கு அதில் விருப்பம் இல்லையென்றால் நான் வற்புறுத்தமாட்டேன். பல வருடம் வேலை செய்த அனுபவத்தைக் காட்டிப் பின்னரும் அந்தச் சான்றிதழை எடுக்கலாம், இப்போது எனக்கு வேலைதான் முக்கியம்.

கழற்றிய பழைய நிலையை நாங்கள் எறியவில்லை. கீழ்ப்பகுதியில் கறையான் அரித்த இடத்தை வெட்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு யன்னல் நிலை எடுக்கலாமா என்று உங்களிடம் கேட்க வேண்டும் என்று அம்மம்மா ஆசைப்படுகிறார். நீங்கள் என்னைச் சேர்க்காவிட்டாலும் அந்த வேலையை உங்களிடமே தருவோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

வருகின்ற வெள்ளிக்கிழமை பின்னேரம், வேலை முடியும் நேரமாகப் பார்த்து, மாமாவோடு பட்டறைக்கு வந்து உங்களை நேரில் காண அனுமதி தருவீர்களா? அந்த நேரம் வசதிப்படாவிட்டால் உங்களுக்கு ஏற்ற நாளை மகன் மூலம் தெரிவித்தால் போதும். நான் தீட்டிய உளியையும் வெட்டிப் பழகிய துண்டுகள் சிலவற்றையும் கொண்டு வருகிறேன். பார்த்துவிட்டு, இந்தக் கைக்கு வேலை வராது என்று தோன்றினால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
கி. டிலக்சன்
மண்டூர்